பிழை மடல் எழுதுவது எப்படி: ‘சோழர்’ கிடைக்காத ஒரு தேடல் பெட்டியை வைத்து

ஒரு நூலகத்தின் நூற்பட்டியல் செயலியில் ‘சோழர்’ என்று தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று புத்தகங்கள் வருகின்றன. அலமாரியில் உங்கள் கண்ணெதிரே நிற்கும் ‘சோழர் கால ஏரிகள்’ அந்த மூன்றில் இல்லை. செயலியை உருவாக்கியவர்களின் மின்னஞ்சல் முகவரி ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அந்த முகவரிக்கு எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

> வணக்கம். உங்கள் செயலியில் தேடல் சரியாக வேலை செய்யவில்லை. பல நாட்களாக இதே பிரச்சினை. தயவுசெய்து உடனே சரிசெய்யவும்.

மடல் கிடைத்த டெவலப்பர் செயலியைத் திறந்து ‘பாண்டியர்’ என்று தேடிப் பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக வரும். “எங்களிடம் சரியாக வேலை செய்கிறது, செயலியைப் புதுப்பித்துப் பாருங்கள்” என்று பதில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். நீங்கள் சொன்னதும் உண்மை, அவர் சொன்னதும் உண்மை. பிழை மட்டும் அப்படியே இருக்கும்.

பிழை மடலுக்கு ஒரே ஒரு வேலைதான்: உங்கள் கையில் நடந்த தவறை, உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் தன் மேசையில் நடத்திப் பார்க்க வழிசெய்வது. கண்ணால் பார்த்துவிட்ட பிழையைத் தேடிப் பிடிக்க அவருக்குக் கருவிகள் இருக்கின்றன. பார்க்காத பிழையை அவரால் தொடவே முடியாது. செய்த படிகள், எதிர்பார்த்த விளைவு, கிடைத்த விளைவு, தீவிரம் என்று நான்கு பகுதிகளாக எழுதச் சொல்வது இதற்காகத்தான். இந்த நூலகச் செயலியையே கடைசிவரை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எழுதும் முன்: பிழையைச் சுருக்குங்கள்

மடலின் தரம் பெரும்பாலும் எழுத உட்காரும் முன்பே முடிவாகிவிடுகிறது. புதியவர்கள் பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடுவதால், இதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக இடம் தருகிறேன்.

முதலில் பிழையைத் திரும்ப வரவையுங்கள். செயலியை முழுவதுமாக மூடித் திறந்து அதையே மறுபடி செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் வருகிறதா, சில சமயம் மட்டும் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். எப்போதாவது மட்டும் வரும் பிழையை டெவலப்பர் தேடுகிற முறையே வேறு. ஆகவே இது அவருக்கு முதலிலேயே தெரிய வேண்டும்.

அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ‘சோழர்’ சரியாக வரவில்லை, சரி. ‘சேரர்’ வருகிறதா? வருகிறது, அலமாரியில் இருக்கும் எல்லாப் புத்தகங்களோடும். ‘பாண்டியர்’ வருகிறது. ‘பல்லவர்’ வருகிறது. ஆனால் ‘தொண்டைமான்’ என்று தேடினால் சில புத்தகங்கள் விடுபடுகின்றன. ‘கோயில்’ என்று தேடினாலும் அப்படியே. ‘கௌதமர்’ என்று தேடினாலும் அப்படியே.

ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்குகிறது. சிக்கல் வரும் சொற்கள் எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ ஏறிய உயிர்மெய் இருக்கிறது. சரியாக வரும் சொற்களில் அவை இல்லை. “தேடல் வேலை செய்யவில்லை” என்ற ஒட்டுமொத்தப் புகார் இப்போது “சோ, தொ, கோ, கௌ போன்ற எழுத்துகள் உள்ள சொற்களைத் தேடினால் சில புத்தகங்கள் விடுபடுகின்றன” என்று சுருங்கிவிட்டது. டெவலப்பர் தேட வேண்டிய இடமும் அதே அளவுக்குச் சுருங்குகிறது.

இன்னும் இரண்டு சோதனைகள் செய்யலாம். அதே புத்தகத்தை வேறு சொல்லால் தேடிப் பாருங்கள். ‘ஏரிகள்’ என்று தேடினால் ‘சோழர் கால ஏரிகள்’ வந்துவிடுகிறது. அப்படியென்றால் புத்தகம் பட்டியலில் இருக்கிறது, தேடலுக்கும் எட்டுகிறது. ‘புத்தகத்தைச் சேர்க்க மறந்திருப்பார்கள்’ என்ற ஐயம் இதோடு ஒழிந்தது.

அடுத்தது, திரையில் தெரியும் தலைப்பிலிருந்தே ‘சோழர்’ என்ற சொல்லைக் காப்பி செய்து தேடல் பெட்டியில் ஒட்டித் தேடுங்கள். இப்போது ‘சோழர் கால ஏரிகள்’ வருகிறது! ஆனால் நீங்கள் தட்டச்சு செய்தபோது வந்த அந்த மூன்று புத்தகங்கள் இப்போது காணவில்லை. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு ‘சோழர்’ இரண்டு வேறு பட்டியல்களைத் தருகின்றன. இந்த ஒரு வரியை மடலில் படித்தால் போதும், தமிழ்த் தரவோடு பழகிய டெவலப்பர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் முறையான யூனிகோடில் ‘சோ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ச-வுக்குப் பின் ஓகாரக் குறி முழுவதும் ஒரே குறியீடாக, அதாவது U+0BCB ஆக இருக்கலாம். அல்லது இரட்டைக் கொம்பு U+0BC7, கால் U+0BBE என்று இரண்டு துண்டுகளாக இருக்கலாம். ‘சொ’வுக்கும் ‘சௌ’வுக்கும் இதே நிலைதான். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டும் சமம் என்று யூனிகோடு விதி சொல்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது நிரலின் பொறுப்பு. அந்த ஒரு படியை விட்டுவிட்டால் கணினிக்கு இவை இரண்டு வேறு சொற்கள். ‘சே’யில் துண்டாகப் பிரிய எதுவும் இல்லை. அதனால்தான் சேரரும் பாண்டியரும் தப்பித்தார்கள், சோழர் மாட்டிக்கொண்டார்.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. சொல்லை ஒரு வெற்றுப் பெட்டியில் ஒட்டி, ‘சோ’வுக்கு அடுத்து கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். பெரும்பாலான பெட்டிகளில், ஒற்றைக் குறியீடாக இருந்தால் ‘ச’ மிஞ்சும், இரண்டு துண்டாக இருந்தால் ‘சே’ மிஞ்சும். கணினியில் பைத்தான் இருந்தால் இன்னும் உறுதியாகப் பார்க்கலாம். மேற்கோள்குறிக்குள் உங்கள் எழுத்தை ஒட்டுங்கள்:

```
python3 -c "print([hex(ord(c)) for c in 'சோ'])"
```

ஒரு வடிவத்துக்கு இப்படி வரும்:

```
['0xb9a', '0xbcb']
```

மற்றதற்கு இப்படி:

```
['0xb9a', '0xbc7', '0xbbe']
```

இவ்வளவு தூரம் போவது எல்லோருக்கும் கட்டாயமில்லை. யூனிகோடு பற்றி எதுவும் தெரியாத ஒருவர், காப்பி செய்து ஒட்டிய சோதனையோடு நிறுத்தியிருந்தாலும் மடல் முழு வலிமையோடு இருக்கும். எந்தப் பிழையானாலும் தேட வேண்டியது ஒரு ஜோடியை: மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க, ஒரே ஒரு வேறுபாட்டால் ஒன்று வேலை செய்து மற்றொன்று செய்யாத ஜோடி. அரைமணி நேரம் முயன்றும் அப்படி ஒன்று சிக்கவில்லையென்றால், முயன்றது வரை எழுதி அனுப்பிவிடுங்கள். எதை மாற்றிப் பார்த்தும் பலனில்லை என்பதும் டெவலப்பருக்குத் தகவல்தான்.

படிகள்

படிகள் ஒரு தெரிந்த தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ‘தேடல் பக்கத்துக்குப் போய்’ என்று தொடங்கினால் அந்தப் பக்கத்துக்கு எந்த வழியாகப் போனீர்கள், உள்நுழைந்திருந்தீர்களா, ஏற்கெனவே ஏதாவது வடிகட்டி போட்டிருந்ததா என்று எதுவும் தெரியாது. செயலியைத் திறப்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு படியில் ஒரு செயல். திரையில் பொத்தானின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதே பெயரைப் பயன்படுத்துங்கள். ‘மேலே உள்ள அந்தக் குறி’ என்று எழுதினால், அவரது திரையில் மேலே நான்கு குறிகள் இருக்கலாம். தட்டச்சு செய்ததை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். ‘ஒரு புத்தகப் பெயரைத் தேடினேன்’ என்பது படியாகாது. எந்தப் பெயர் என்பதில்தான் இங்கே பிழையே அடங்கியிருக்கிறது.

எப்படித் தட்டச்சு செய்தீர்கள் என்பதும் சில பிழைகளில் ஒரு படிதான். ஆண்ட்ராய்டில் ஜிபோர்டா, விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகையா, வேறு இடத்திலிருந்து ஒட்டியதா என்று இந்த மடலில் சொல்லியே ஆக வேண்டும். ஒருவர் தட்டச்சு செய்து பார்த்துவிட்டும் இன்னொருவர் ஒட்டிப் பார்த்துவிட்டும் மாறி மாறி வாதிடுவது வீண்.

எழுதி முடித்ததும் உங்கள் படிகளை நீங்களே வரி வரியாகப் பின்பற்றுங்கள். நினைவிலிருந்து எதையும் சேர்க்காதீர்கள், வரியில் இருப்பதை மட்டும் செய்யுங்கள். விடுபட்ட படி ஒன்றாவது அப்போது தட்டுப்படும். செயலியை அதிகம் பழகாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னால் இன்னும் நல்லது. அவர் எந்த இடத்தில் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்த இடத்தில் ஒரு வரி குறைகிறது என்று அர்த்தம்.

எதிர்பார்த்தது, கிடைத்தது

‘எதிர்பார்த்தது: தேடல் சரியாக வேலை செய்ய வேண்டும்’ என்று எழுதினால் அந்த வரியால் பயனில்லை. என்ன வந்திருந்தால் சரி என்று சொல்வீர்களோ அதை எழுதுங்கள். கூடவே, ஏன் அப்படி எதிர்பார்க்கிறீர்கள் என்பதற்கு ஓர் ஆதாரமும் வையுங்கள். நம் செயலியில் அது எளிது: ‘வரலாறு’ பிரிவைத் திறந்து பார்த்தால் தலைப்பில் ‘சோழர்’ உள்ள புத்தகங்கள் ஏழு இருக்கின்றன. எனவே தேடலிலும் அந்த ஏழு வர வேண்டும். சில சமயம் பயனர் எதிர்பார்த்ததும் டெவலப்பர் திட்டமிட்டதும் வேறுவேறாக இருக்கும். ‘தேடல் தலைப்பில் மட்டும்தான் தேடும், உள்ளடக்கத்தில் தேடாது’ என்பது அவர்கள் வேண்டுமென்றே எடுத்த முடிவாக இருக்கலாம். உங்கள் எதிர்பார்ப்பின் காரணத்தை எழுதிவிட்டால், குழப்பம் எங்கே என்பது முதல் பதிலிலேயே தெரிந்துவிடும்.

‘கிடைத்தது’ என்ற பகுதியில் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். ‘தேடல் பழுதாகிவிட்டது’ என்பது உங்கள் தீர்ப்பு. ‘மூன்று முடிவுகள் வந்தன, ‘வரலாறு’ பிரிவில் உள்ள மற்ற நான்கு வரவில்லை, பிழைச் செய்தி எதுவும் தோன்றவில்லை’ என்பது நீங்கள் கண்டது. பிழைச் செய்தி தோன்றியிருந்தால் அதைச் சுருக்காமலும் மொழிபெயர்க்காமலும் அப்படியே எடுத்து ஒட்ட வேண்டும். அந்தச் சொற்களைத்தான் டெவலப்பர் தன் நிரலில் தேடுவார். ஒரு எழுத்து மாறினாலும் அவருக்குக் கிடைக்காது.

காரணம் என்னவென்று உங்களுக்கு ஒரு ஊகம் இருந்தால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் தனிப் பத்தியில், ‘என் ஊகம்’ என்று பெயரிட்டு எழுதுங்கள். கண்டதோடு ஊகத்தைக் கலந்துவிட்டால் பெரிய ஆபத்து. ‘யூனிகோடு கோளாறால் தேடல் வரவில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டு உங்கள் ஊகம் தவறாகப் போனால், டெவலப்பர் அங்கே தேடி ஒன்றும் இல்லை என்று மூடிவிடுவார். உண்மையில் நடந்தது என்ன என்று திரும்பிப் பார்க்க மடலில் எதுவும் இருக்காது.

தீவிரம்

இங்கேதான் மனக்கசப்பு வருகிறது. எல்லாப் பிழையும் ‘மிக அவசரம்’ என்று வந்தால், டெவலப்பர் அந்தச் சொல்லைப் படிப்பதையே விட்டுவிடுவார். தீவிரம் என்பது பிழை என்ன சேதம் செய்கிறது என்பதற்கான அளவு. எதை முதலில் சரிசெய்வது என்பது முன்னுரிமை, அது வேறு. முன்னுரிமையை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அவர்களிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அடுத்த வெளியீடு எப்போது என்று நமக்குத் தெரியாது. சேதத்தை மட்டும் நாம் நேரில் பார்க்கிறோம், எனவே அதை நாம் சொல்லலாம்.

பிழைகளை மின்னஞ்சல் வழியாகவே வாங்கும் பெரிய திட்டம் ஒன்று டெபியன். லினக்ஸ் இயங்குதளமான அதில், submit@bugs.debian.org என்ற முகவரிக்கு மடல் அனுப்பினால் அது பிழையாகப் பதிவாகிவிடும். மடலின் தொடக்கத்தில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எவ்வளவு தீவிரம் என்று சில வரிகள் இருக்கும்:

```
Package: hello
Version: 2.10-3
Severity: normal
```

அவர்களின் தீவிர வரிசையை எந்தச் செயலிக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். உச்சியில் `critical`: மொத்த இயந்திரத்தையோ தொடர்பில்லாத மற்ற மென்பொருளையோ கெடுப்பது, பெரிய அளவில் தரவை அழிப்பது போன்றவை. அடுத்து `grave`: அந்த மென்பொருளை ஏறக்குறைய யாராலும் பயன்படுத்தவே முடியாத நிலை, அல்லது தரவு இழப்பு. டெபியனின் சொந்த விதிகளை மீறுவதற்கான `serious` என்ற படி இடையில் இருக்கிறது, அது நமக்கு வேண்டாம். `important` என்றால் பயன்பாட்டைப் பெரிதும் பாதிக்கிறது, ஆனால் எல்லோருக்கும் முழுதாக முடங்கவில்லை. தீவிரம் எதுவும் குறிப்பிடாவிட்டால் `normal`. அதற்குக் கீழே, பயனைக் கெடுக்காத சிறு குறைகளுக்கு `minor`, புதிய வசதி கேட்பதற்கு `wishlist`.

நம் சோழர் பிழையை எங்கே வைப்பது? செயலி நின்றுபோகவில்லை. எதுவும் அழியவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணம் என்று தோன்றும். என் கணிப்பில் இது `important`. காரணம், செயலி தவறான பதிலைச் சரியான பதில் போலவே காட்டுகிறது. செயலி நின்றுபோனால் வாசகருக்கு ஏதோ கோளாறு என்று தெரியும், நூலகரிடம் கேட்பார். ஏழு புத்தகங்களுக்குப் பதில் மூன்று மட்டும் வந்தால், இங்கே மூன்றுதான் இருக்கிறது என்று நம்பிப் போய்விடுவார். கோளாறு என்றே தெரியாத பிழைகளை யாரும் புகாராக எழுதுவதில்லை. அதனால் வேறு யாரும் புகார் செய்யவில்லை என்பதை வைத்து இதைச் சிறியது என்று எடைபோட முடியாது. இந்த வாதத்தை மடலில் ஒரு வரியாவது எழுத வேண்டும்.

தீவிரத்தோடு மாற்றுவழியையும் சொல்லுங்கள். தலைப்பில் உள்ள வேறு சொல்லால் தேடினால் புத்தகம் கிடைக்கிறது, பிரிவைத் திறந்து பார்த்தாலும் கிடைக்கிறது. மாற்றுவழி இருப்பதைச் சொன்னால் பிழையைச் சிறிதாக எண்ணிவிடுவார்களோ என்று சிலர் மறைப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சரிசெய்யும் வரை மற்ற வாசகர்களுக்குச் சொல்ல அவர்களுக்கும் அது பயன்படும், உங்கள் அடுத்த மடலையும் நம்பிப் படிப்பார்கள்.

முழு மடல்

சப்ஜெக்ட் வரியைக் கடைசியில் எழுதுங்கள். எல்லாம் தெளிவான பிறகுதான் அதை ஒரே வரியில் சொல்ல முடியும். எங்கே, என்ன நிலையில், என்ன ஆகிறது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். மடல் இப்படி அமையும்:

> சப்ஜெக்ட்: தேடல்: ஒ, ஓ, ஔ ஏறிய எழுத்துள்ள சொற்களுக்குச் சில புத்தகங்கள் விடுபடுகின்றன (பதிப்பு 2.4.1, ஆண்ட்ராய்டு)
>
> வணக்கம்.
>
> ‘சோழர்’ என்று தேடினால், தலைப்பில் அந்தச் சொல் உள்ள ஏழு புத்தகங்களில் மூன்று மட்டுமே வருகின்றன. ஒவ்வொரு முறையும் இப்படியே நடக்கிறது.
>
> சூழல்: செயலிப் பதிப்பு 2.4.1. ஆண்ட்ராய்டு 14 உள்ள போன், ஜிபோர்டு தமிழ் விசைப்பலகை. வேறொருவரின் ஆண்ட்ராய்டு 12 போனிலும் இதே விளைவு.
>
> படிகள்:
> 1. செயலியை முழுவதும் மூடித் திறக்கவும். உள்நுழையத் தேவையில்லை.
> 2. முகப்பில் ‘புத்தகம் தேடுக’ பெட்டியைத் தொடவும்.
> 3. ஜிபோர்டில் ‘சோழர்’ என்று தட்டச்சு செய்யவும்.
> 4. ‘தேடு’ பொத்தானை அழுத்தவும்.
>
> எதிர்பார்த்தது: ஏழு புத்தகங்கள். முகப்பு → பிரிவுகள் → வரலாறு என்ற பக்கத்தில் தலைப்பில் ‘சோழர்’ உள்ளவை ஏழு இருக்கின்றன.
>
> கிடைத்தது: மூன்று புத்தகங்கள் மட்டும். ‘சோழர் கால ஏரிகள்’ உட்பட நான்கு வரவில்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை.
>
> மேலும் சோதித்தவை:
> ‘சேரர்’, ‘பாண்டியர்’, ‘பல்லவர்’: முழுமையாக வருகின்றன.
> ‘தொண்டைமான்’, ‘கோயில்’, ‘கௌதமர்’: சில விடுபடுகின்றன.
> ‘ஏரிகள்’ என்று தேடினால் ‘சோழர் கால ஏரிகள்’ வருகிறது.
> அந்தத் தலைப்பிலிருந்து ‘சோழர்’ என்பதைக் காப்பி செய்து ஒட்டித் தேடினால், விடுபட்ட நான்கும் வருகின்றன. முதலில் வந்த மூன்று வருவதில்லை.
>
> தீவிரம்: பெரியது. செயலி நிற்கவில்லை, தரவு அழியவில்லை. ஆனால் குறைவான முடிவுகளைச் சரியானவை போலக் காட்டுவதால், புத்தகம் நூலகத்தில் இல்லை என்று வாசகர் நம்பிவிடுவார். மாற்றுவழி: தலைப்பின் வேறு சொல்லால் தேடுவது, அல்லது பிரிவில் பார்ப்பது.
>
> என் ஊகம்: தட்டச்சு செய்த ‘சோ’ U+0B9A U+0BCB, தலைப்பில் உள்ளது U+0B9A U+0BC7 U+0BBE. தேடும் முன் இவை ஒரே வடிவத்துக்கு மாற்றப்படவில்லை என்று தோன்றுகிறது.
>
> இரண்டு சொற்களும் உள்ள உரைக்கோப்பை இணைத்திருக்கிறேன். வேறு ஏதாவது சோதிக்க வேண்டுமென்றால் எழுதுங்கள்.

ஒரு மடலில் ஒரு பிழைதான் இருக்க வேண்டும். இதே செயலியில் புத்தக அட்டைப்படம் மங்கலாகத் தெரிந்தால் அதற்குத் தனி மடல் எழுதுங்கள். இரண்டையும் சேர்த்தால் எளியதைச் சரிசெய்துவிட்டு மடலை முடித்துவிடுவார்கள், கடினமானது மறந்துபோகும்.

டெவலப்பர்களுக்குத் தமிழ் தெரியாது என்றால் மடலை அவர்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதி, தமிழ்ச் சொற்களை மட்டும் தமிழில் விட்டுவிடுங்கள். பக்கத்திலேயே யூனிகோடு எண்களையும் கொடுங்கள். அவர் படிக்க முடியாத எழுத்தையும் அந்த எண்களை வைத்துச் சோதிக்க முடியும்.

இணைப்புகள்

ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலான பிழைகளுக்கு நல்ல துணை. பொத்தான் மறைந்துபோனது, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது போன்றவற்றைச் சொல்லில் விளக்குவதைவிடப் படம் தெளிவாகக் காட்டும். ஆனால் நம் பிழைக்குப் படம் உதவாது. இரண்டு ‘சோழர்’களும் படத்தில் ஒன்றாகத்தான் தெரியும். அதனால்தான் மடலில் உரைக்கோப்பைச் சேர்த்தோம். மடலின் உடலில் ஒட்டும் எழுத்தை வழியில் ஏதாவது மென்பொருள் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வாய்ப்பு உண்டு. இணைத்த கோப்பு அப்படியே போய்ச்சேரும். பிழைச் செய்திக்கும் இதே கதைதான்: படத்தோடு எழுத்தாகவும் கொடுங்கள். படத்திலிருந்து எழுத்தைத் தேட முடியாது.

படம் அனுப்பும் முன் அதில் வேறு என்னென்ன தெரிகிறது என்று பாருங்கள். மேல்பட்டையில் வந்து நிற்கும் குறுஞ்செய்தி, உறுப்பினர் எண், இன்னொருவர் எடுத்த புத்தகங்களின் பட்டியல், இவையெல்லாம் மறைக்க வேண்டியவை. கடவுச்சொல்லை எந்த மடலிலும் அனுப்பக் கூடாது, டெவலப்பரே கேட்டாலும் அனுப்பக் கூடாது. அவர் சோதிக்க ஒரு கணக்கு தேவையென்றால் புதிதாக ஒன்று தொடங்கிக் கொடுக்கலாம்.

நீங்கள் கண்டது பாதுகாப்பு ஓட்டை என்றால், உதாரணமாக இன்னொரு உறுப்பினரின் விவரம் உங்களுக்குத் தெரிகிறது என்றால், பலர் படிக்கும் பொது முகவரிக்கு எழுதாதீர்கள். பாதுகாப்புக்கெனத் தனி முகவரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல இணையதளங்கள் அதை `/.well-known/security.txt` என்ற கோப்பில் வைத்திருக்கும்.

அனுப்பிய பிறகு

“எங்களிடம் வரவில்லை” என்று பதில் வந்தால், அது உங்களை மறுப்பது அல்ல. இரண்டு பக்கமும் ஏதோ ஒன்று வேறாக இருக்கிறது என்ற தகவல் அது. வாதிடுவதைவிட அந்த வேறுபாட்டைக் கேட்பது பலன் தரும்: எந்த விசைப்பலகையில் தட்டச்சு செய்தீர்கள்? அந்தத் தலைப்பு உங்கள் சோதனைத் தரவில் இருக்கிறதா? தரவு இருக்கிறதா என்ற கேள்வி இங்கே முக்கியம். டெவலப்பர்கள் சோதிக்கும் தரவு பெரும்பாலும் அவர்களே புதிதாகத் தட்டச்சு செய்ததாக இருக்கும். பழைய எழுத்துருக் குறியீடுகளிலிருந்து மாற்றிய பதிவுகளில்தான் இரண்டு துண்டு வடிவம் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாகவே இருந்தன. மாற்றிய நிரல் அவற்றைச் சேர்க்காமல் விட்டிருந்தால், சோதனைத் தரவில் அந்தப் பிழை வரவே வராது.

புதிய தகவல் ஏதாவது கிடைத்தால் அதே மடலுக்குப் பதிலாகவே அனுப்புங்கள், புது மடல் தொடங்காதீர்கள். சரிசெய்துவிட்டோம் என்று எழுதினால் புதிய பதிப்பில் உங்கள் படிகளை முதலிலிருந்து செய்து பாருங்கள். ‘சோழர்’ ஏழும் வருகிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். காப்பி செய்து ஒட்டினாலும் அதே ஏழு வருகிறதா, ‘தொண்டைமான்’, ‘கௌதமர்’ இரண்டும் சரியாகிவிட்டதா, முன்பு நன்றாக வந்துகொண்டிருந்த ‘சேரர்’ இப்போதும் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓகாரத்தை மட்டும் சரிசெய்து ஔகாரத்தை விட்டுவிடுவது நடக்கக்கூடியதே. பார்த்ததை, எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள் என்ற எண்ணோடு இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள்.